குனிந்து குனுகும் புறா

காலை ஏழரை மணி. எதிர் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெட்டைப் புறா வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஆண் புறா வந்து இறங்குகிறது. இறங்கிய வேகத்திலேயே அதன் கழுத்து பந்து போல உப்புகிறது. தலையைத் தாழ்த்தி, அலகு தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, அடித்தொண்டையில் குனுகுகிறது. நிமிர்கிறது. அரை வட்டம் திரும்பி மறுபடி குனிகிறது. விசிறிபோல விரிந்த வால் சுவரைக் கூட்டிக்கொண்டே வருகிறது. பெட்டை நாலு அடி நகர்ந்து, இல்லாத எதையோ கொத்துகிறது. ஆண் ஓடிப்போய் அதன் முன்னால் நின்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மூன்று நிமிடம் கழித்துப் பெட்டை பறந்துவிடுகிறது.

கோயில் கோபுரத்திலும், ரயில் நிலையக் கூரையிலும், அடுக்குமாடி வீடுகளில் ஏ.சி. பெட்டி மேலும் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. புறாவின் ஓசைக்கென்றே தமிழில் ஒரு சொல் உண்டு: குனுகுதல். பெட்டையை மயக்க ஆண் செய்யும் ஜாலம் இது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அது பொய்யுமில்லை. ஆனால் பாதிதான் உண்மை. இந்த ஆட்டம் பெட்டையின் மனத்தை மட்டும் தொடுவதில்லை. அதன் சூலகத்தைத் தொடுகிறது. ஆண் குனிந்து குனுகும் நாட்களில்தான் பெட்டையின் உடம்புக்குள் முட்டை வளரத் தொடங்குகிறது. இதைக் கண்டுபிடித்த கதையும், அந்தக் கதையில் பின்னால் வந்த ஒரு திருப்பமும்தான் இந்தக் கட்டுரை.

முதலில், உப்புவது எது என்று பார்த்துவிடலாம். நெஞ்சு என்று நாம் சொல்கிறோம். உண்மையில் உப்புவது கழுத்துக்குள் இருக்கும் உணவுக்குழாய். புறா குனுகும்போது அலகையும் மூக்குத் துளைகளையும் மூடிக்கொள்கிறது. பறவைகளின் குரல் பிறக்கும் இடம் மூச்சுக்குழாயின் அடியில், நுரையீரலுக்குப் பிரியும் கவட்டில் இருக்கிறது. அங்கிருந்து அதிர்ந்து வரும் காற்று வெளியேற வழியில்லாமல் உணவுக்குழாயின் மேல்பகுதியை பலூன் போல ஊதுகிறது. அந்தக் காற்றுப்பைதான் ஒலிப்பெட்டி. வீணையின் குடத்தைப் போல அது அடித்தொனியை மட்டும் வளர்த்து, கீச்சான தொனிகளை அமுக்கிவிடுகிறது. வாயைத் திறக்காமலே கேட்கும் அந்த ஆழமான ‘ஊம்…ஊம்’ அப்படி வருவதுதான். ஆகவே ஊதிய கழுத்து வேறு, குனுகல் வேறு என்று இரண்டு காரியங்கள் இல்லை. குனுகினால் கழுத்து ஊதியே ஆகவேண்டும்.

புறா வளர்ப்பவர்கள் பல நூறு ஆண்டுகளாக இந்த ஒரு பண்பை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், பௌட்டர் என்ற ஒரு வகையே உருவாகியிருக்கிறது. கழுத்துப் பை தேங்காய் அளவுக்கு ஊதி, தலை அதன் பின்னால் மறைவது போல நிற்கும் அந்தப் புறாவைப் பார்த்தால், மாடப்புறா சிறிய அளவில் செய்வது என்ன என்பது சந்தேகமில்லாமல் விளங்கிவிடும்.

குனிவதற்கும் காரணம் கழுத்திலேயே இருக்கிறது. மாடப்புறாவின் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். கழுத்தில் மட்டும் பச்சையும் ஊதாவும் மின்னும். அது சாயம் அல்ல. அந்த இறகுகளின் மிக நுண்ணிய கிளைகளை ஒரு மெல்லிய ஒளிபுகும் தோல் மூடியிருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 2,000-இல் ஒரு பங்கு. சோப்புக் குமிழியில் வானவில் நிறங்கள் ஓடுவது எப்படியோ அப்படித்தான் இதுவும்: தோலின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து சில நிறங்களைக் கூட்டி, சில நிறங்களை அழிக்கின்றன. பார்க்கும் கோணம் மாறினால் பச்சை ஊதாவாகும், ஊதா பச்சையாகும். அசையாமல் நிற்கும் புறாவின் கழுத்தில் நிறங்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். இறகுகள் சிலிர்த்து, தலை தாழ்ந்து எழுந்து, உடம்பும் திரும்பினால் நிறங்கள் ஓடத் தொடங்கும். புறாக்களுக்கு நமக்குத் தெரியாத புறஊதா ஒளியும் தெரியும் என்பதால், பெட்டை காணும் கழுத்து நாம் காணும் கழுத்தை விடச் செறிவானதாகவே இருக்கவேண்டும்.

வட்டமடிப்பதைப் பற்றி நான் கவனித்தது இது. பெட்டை ஒரே இடத்தில் நின்றால் ஆண் இருந்த இடத்திலேயே அரை வட்டமாக இடமும் வலமும் திரும்பும். பெட்டை நகர்ந்தால் ஓடிச் சுற்றி வந்து அதன் பார்வைக்குள் நின்றுகொள்ளும். அதன் முதுகுப் பக்கம் நின்று குனியும் ஆண் புறாவை நான் பார்த்ததே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு நேராகக் கழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் அதன் முழுக் கவனமும் இருக்கிறது.

பறவை நோக்குவதில் புதியவர்கள் ஒன்றில் ஏமாந்துபோவார்கள். ஆண் புறா இன்னொரு ஆணின் முன்னும் இதே குனிதலைச் செய்யும். ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், இது காதலா சண்டையா என்று முதல் நொடியில் சொல்ல முடியாது. எதிரில் இருப்பது என்ன செய்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் கழுத்தை ஊதி எதிர் குனிதல் செய்தால், அடுத்த சில நொடிகளில் இறக்கையால் அறை விழும். கழுத்து இறகைக் கவ்வி இழுப்பார்கள். எதிரில் இருப்பது ஒல்லியாக, இறகுகளை ஒட்ட வைத்துக்கொண்டு விலகி நடந்தால் அது பெரும்பாலும் பெட்டை. அந்தக் குனிதலுக்குள் ஒரு மிரட்டலும் ஒரு அழைப்பும் சேர்ந்தே இருக்கின்றன. ‘நான் ஆண், இது என் இடம்’ என்பது அதன் முதல் பொருள். கேட்பவர் ஆணாக இருந்தால் அது எச்சரிக்கை. பெட்டையாக இருந்தால் அறிமுகம்.

அறிமுகம் பலித்தால் காட்சி மாறும். பெட்டை விலகாமல் நின்று, மெல்ல ஆணின் அருகே வரும். இரண்டும் ஒன்றின் தலை இறகை மற்றொன்று கோதும். பிறகு பெட்டை தன் அலகை ஆணின் அலகுக்குள் நுழைக்கும். குஞ்சு இரை கேட்பது போன்ற செய்கை அது. ஆண் சில நேரம் உண்மையாகவே தன் இரைப்பையிலிருந்து கொஞ்சம் தானியம் கக்கிக் கொடுக்கும். பெட்டை தாழ்ந்து உட்கார, ஆண் ஏற, இரண்டொரு நொடியில் இணைதல் முடிந்துவிடும். அதன்பின் ஆண் இறக்கைகளைப் படபடவென்று தட்டிக்கொண்டு மேலெழும்பி, இறக்கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி மிதந்து இறங்கும். அந்தக் கைதட்டல் ஒலி கேட்டால், எங்கோ பக்கத்தில் ஒரு ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒரு முறை குனிந்து, ஒரு முறை கூடி, முட்டை வந்துவிடுவதில்லை. இந்த ஆட்டம் நாள்கணக்கில் நடக்கிறது. ஏன் இத்தனை நாள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் விஞ்ஞானிகள் அறுபது எழுபது ஆண்டு செலவிட்டார்கள்.

வடசென்னையில் புறா வளர்க்கும் பெரியவர் ஒருவரின் மாடிக்கு ஒருமுறை போயிருந்தேன். கர்ணப் புறாக்கள், பந்தயப் புறாக்கள் என்று வரிசையாகக் கூண்டுகள். ஒரு சட்டியில் நாலு முட்டை கிடந்தது. புறா இரண்டுதானே இடும் என்று கேட்டேன்.

“ரெண்டும் பொட்டைங்க தம்பி. சேவல் கிடைக்கலைன்னா ரெண்டு பொட்டையே ஜோடி சேர்ந்துக்கும். ஒண்ணு சேவல் மாதிரி குனுகும். அப்புறம் ரெண்டும் முட்டை போடும். நாலு முட்டை இருந்தா பொரிக்காதுன்னு அர்த்தம்.”

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தச் செய்தியில்தான் விஷயம் இருக்கிறது. கருவுறாத முட்டை என்றாலும் முட்டை முட்டைதான். அது வளர ஆணின் விந்து தேவையில்லை. ஆனால் யாரோ ஒருவர் எதிரில் நின்று குனுகவேண்டும். தனியாக, கண்ணில் வேறு புறாவே படாமல் அடைத்து வைத்த பெட்டை பொதுவாக முட்டை இடுவதில்லை.

அமெரிக்காவில் வாலஸ் கிரேய்க் என்ற ஆய்வாளர் இதை 1911-இலேயே எழுதினார்: பெட்டை முட்டையிடும் நேரத்தை ஆணின் நடத்தை தூண்டுகிறது, இணைதல் அல்ல. 1939-இல் இங்கிலாந்தின் ஹாரிசன் மேத்யூஸ் இன்னும் ஒரு படி போனார். புறாக்களுக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து, தொட முடியாமல் பார்க்க மட்டும் விட்டார். முட்டை வந்தது. எதிரில் இருந்தது இன்னொரு பெட்டையாக இருந்தபோதும் வந்தது. கடைசியாக, தனித்த பெட்டையின் கூண்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தார். தாமதமாக என்றாலும் அதற்கும் முட்டை வந்தது.

கிரேய்க் இன்னொன்றும் செய்தார். பிறந்ததிலிருந்து வேறு புறாவையே பார்க்காமல் ஆண் புறாக்களைத் தனியே வளர்த்தார். அவை பெரிதானதும், யாரும் கற்றுத்தராமலே குனிதலும் குனுகலும் அப்படியே வந்தன. ஆனால் யார் முன் குனிவது? பார்த்துப் பழகிய ஒரே உயிர் மனிதன் என்பதால், அவை அவருடைய கையின் முன் குனிந்தன. ஆட்டம் பிறவியில் வருகிறது. யாருக்காக ஆடுவது என்பது வளர்ப்பில் வருகிறது. கையில் வைத்து ஊட்டி வளர்த்த புறா விரல்களைச் சுற்றிச் சுற்றிக் குனுகுவதைப் புறா வளர்ப்பவர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள்.

இந்த இழைகளையெல்லாம் சேர்த்துப் பின்னியவர் டேனியல் லெர்மன். நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தைக்கென்று ஒரு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் எடுத்துக்கொண்டது மாடப்புறாவை அல்ல, கழுத்தில் கறுப்புப் பட்டை போட்ட ஒரு சிறிய வளர்ப்புப் புறாவை. நம்மூர்க் கள்ளிப்புறாவுக்கு நெருங்கிய சொந்தம் அது. குனிதலும் குனுகலும் அதற்கும் உண்டு. சிறிய கூண்டில் தயக்கமில்லாமல் குடும்பம் நடத்தும்.

அவருடைய கூண்டில் நடந்ததை நாள்வாரியாகச் சொல்லலாம். ஆணையும் பெட்டையையும் சேர்த்து விட்டதும் ஆண் உடனே குனிந்து குனுகத் தொடங்கும். முதல் நாள் முழுக்க இதுதான். ஒரு நாள் போனதும் குனிதல் குறைந்து வேறொரு குனுகல் வரும். ஆண் கூட்டுக்கான கிண்ணத்தில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, இறக்கைகளை லேசாக நடுங்கவிட்டு, இழுத்து இழுத்துக் குனுகும். ‘இந்த இடம் எப்படி’ என்று கேட்பது போன்ற குனுகல். கொஞ்ச நேரத்தில் பெட்டையும் வந்து உட்கார்ந்து அதே போல் குனுகும். அப்புறம் ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவரும், பெட்டை அடுக்கும். இப்படி ஒரு வாரம். ஏழிலிருந்து பதினோரு நாட்களுக்குள் முதல் முட்டை. அடுத்ததற்கடுத்த நாள் இரண்டாவது முட்டை. பின் பதினான்கு நாள் அடைகாத்தல்.

லெர்மன் கேட்ட கேள்வி எளிமையானது. அடைகாக்கும் குணம் எங்கிருந்து வருகிறது? முன்பே குஞ்சு பொரித்து அனுபவப்பட்ட புறாக்களை எடுத்து, தயாரான கூட்டையும் முட்டைகளையும் தனித்தனியே ஒவ்வொன்றின் முன்னும் வைத்தார். அவை முட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை. அடுத்து, ஜோடியாக விட்டு அதே முட்டைகளை வைத்தார். அப்போதும் உட்காரவில்லை. குனிந்தன, குனுகின, கூட்டைத் திருத்தின. ஐந்து முதல் ஏழு நாள் கழித்துத்தான் முட்டையின் மேல் உட்கார்ந்தன. மூன்றாவதாக, ஒரு ஜோடியை ஏழு நாள் கூட்டுப் பொருள் இல்லாமல் சேர்ந்து வாழவிட்டு, பிறகு கூடும் முட்டையும் கொடுத்தார். ஒரு நாளில் உட்கார்ந்தன. நான்காவதாக, ஏழு நாளும் கூட்டுப் பொருளோடு வாழவிட்டு முட்டை கொடுத்தார். கிட்டத்தட்ட உடனே உட்கார்ந்தன.

முட்டையைக் கண்டதும் பாசம் வந்துவிடுவதில்லை என்பதுதான் இதன் பொருள். ஜோடியின் ஆட்டமும் கூடு கட்டுதலும் சேர்ந்து இரண்டு பறவைகளையும் உள்ளிருந்து மாற்றியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தை அவர் கண்ணால் பார்க்கவும் செய்தார். ஆணுடன் சில நாள் இருந்த பெட்டைகளின் கருமுட்டைக் குழாய் பல மடங்கு பருத்திருந்தது. சூலகத்தில் மஞ்சள் கருக்கள் வளர்ந்திருந்தன. தனியே இருந்தவற்றில் எதுவும் நடக்கவில்லை. பிறகு லெர்மனும் அவருடைய மாணவர் கார்ல் எரிக்சனும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு விதமான ஆண்களை வைத்துப் பார்த்தார்கள்: சாதாரண ஆண் ஒன்று, விதை நீக்கப்பட்ட ஆண் ஒன்று. விதை நீக்கிய ஆண் குனிந்து குனுகுவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டையின் சூலகமும் பெரிதாக வளரவில்லை. சாதாரண ஆணைப் பார்த்த பெட்டைக்கு வளர்ந்தது. இரண்டுமே ஆண்தான், இரண்டும் கண்ணாடிக்கு அப்பால்தான். வேறுபாடு ஆட்டத்தில் மட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். கண்ணும் காதும் வாங்கிய சேதி மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸுக்குப் போகிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிடுகிறது. பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தத்தில் இறங்கி சூலகத்தை வளர்க்கின்றன. வளரும் சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் திரும்ப மூளைக்குப் போய், பெட்டையைக் கூட்டில் உட்கார்ந்து குனுகவும் குச்சி அடுக்கவும் வைக்கிறது. நடத்தை ஹார்மோனை எழுப்புகிறது, ஹார்மோன் அடுத்த நடத்தையை எழுப்புகிறது. அதுவரை ஹார்மோன்தான் நடத்தையை ஆட்டுவிக்கிறது என்று ஒருவழிப் பாதையாகவே பெரும்பாலும் பேசிவந்தார்கள். எதிரில் ஆடும் ஒரு ஜீவனின் ஆட்டமே இன்னொரு ஜீவனின் சுரப்பிகளை ஓடவைக்கும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியது இந்தச் சின்னஞ்சிறு புறாதான்.

ஆணுக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. குனிதலுக்கு விதையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். விதை நீக்கினால் குனிதல் நின்றுபோகும். கேம்பிரிட்ஜில் ஹட்சிசன் என்ற ஆய்வாளர் அப்படிப்பட்ட ஆண்களின் ஹைப்போதாலமஸில் துளி டெஸ்டோஸ்டிரோனை வைத்துக் குனிதலைத் திரும்பக் கொண்டுவந்தார். அதே டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி மூளைக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகிறது என்றும், கூட்டில் உட்கார்ந்து குனுகும் மென்மையான நடத்தைக்கு அதுதான் துணை என்றும் தெரியவந்தது. விரட்டிக் குனிந்த அதே ஆண் இரண்டாம் நாள் கூட்டில் நடுங்கி உட்கார்ந்து அழைப்பதன் பின்னணி இது.

இனி அந்தத் திருப்பம். லெர்மன் 1972-இல் காலமானார். அதே ரட்கர்ஸில் மெய்-ஃபாங் செங் என்ற ஆய்வாளர் பழைய கதையில் ஒரு இடறலைக் கவனித்தார். ஆணைப் பார்த்த பெட்டை சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தானும் கூட்டில் உட்கார்ந்து குனுகுகிறது. அப்படியானால் சூலகத்தை வளர்ப்பது ஆணின் குனுகலா, பெட்டையின் சொந்தக் குனுகலா?

அவர் சில பெட்டைகளைக் குரல் எழும்ப முடியாதபடி செய்தார். உயிருக்கும் உணவுக்கும் குறையில்லை. ஆணும் வழக்கம்போலக் குனிந்து குனுகிக்கொண்டிருந்தது. ஆனால் குரலிழந்த பெட்டைகளின் சூலகம் சரியாக வளரவில்லை. பிறகு பெட்டையின் குனுகலை ஒலிப்பதிவு செய்து அவற்றுக்குப் போட்டுக் காட்டினார். சூலகம் வளர்ந்தது. ஆணின் குனுகலை விடப் பெட்டையின் குனுகல்தான் அதிகம் வேலை செய்தது. அதிலும் அந்தந்தப் பறவையின் சொந்தக் குரலே மிக நன்றாக வேலை செய்தது. பின்னாளில் பெட்டையின் ஹைப்போதாலமஸில் அந்தக் குனுகலுக்கென்றே விழித்தெழும் நரம்பணுக்களையும் அவர் கண்டார்.

ஆண் குனிகிறது. அது பெட்டையைக் குனுக வைக்கிறது. பெட்டை தன் குரலைத் தானே கேட்கிறது. அந்தக் குரல் அதன் சூலகத்தைத் திறக்கிறது. முட்டையிடும் முடிவின் சாவி ஆணின் தொண்டையில் இல்லை, பெட்டையின் தொண்டையிலேயே இருக்கிறது. பெட்டை மனம் ஒப்பிக் குனுகாவிட்டால், ஆண் எத்தனை வட்டம் போட்டாலும் முட்டை இல்லை. இந்த ஆட்டத்தை ஆணின் வெற்றியாக மட்டும் பேசும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் துணிபு.

இத்தனை நாள் நீள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அது ஆணின் பக்கத்திலிருந்து. புறாக்களில் ஆணும் அடைகாக்கும். காலை நடுவிலிருந்து பிற்பகல் வரை ஆண், மற்ற நேரமும் இரவு முழுவதும் பெட்டை. குஞ்சு பொரித்ததும் இரண்டின் இரைப்பையிலும் ஊறும் புறாப்பாலை இரண்டும் ஊட்டும். இவ்வளவு உழைக்கப்போகும் ஆண், குஞ்சு தன்னுடையது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். எரிக்சனும் பேட்ரீசியா ஜெனோனும் 1976-இல் செய்த சோதனை இதைத்தான் தொட்டது. சில பெட்டைகளை முதலில் வேறு ஆண்களுடன் சில நாள் விட்டு, பிறகு புதிய ஆணிடம் கொடுத்தார்கள். ஏற்கெனவே உள்ளுக்குள் தயாராகிவிட்ட அந்தப் பெட்டைகள் புதிய ஆணைக் கண்டதும் தயக்கமில்லாமல் ஒப்பின. ஆண்களோ அவற்றிடம் குறைவாகக் குனுகி, அதிகமாகத் தாக்கின. சீக்கிரம் இணங்கும் பெட்டையை ஆண் வரவேற்கவில்லை. பெட்டை விலகி விலகிப் போவதையும் ஆண் விடாமல் சுற்றுவதையும் இந்த வெளிச்சத்தில் பார்த்தால், இரண்டும் ஒன்றை ஒன்று சோதித்துக்கொள்ளும் காலம் அது என்று புரியும்.

முட்டை வரப்போகும் சில நாட்களில் இதன் கடுமையான வடிவத்தை மாடியில் காணலாம். ஆண் தன் சொந்த ஜோடியையே பின்தொடர்ந்து அடிக்கு அடி நடக்கும். பெட்டை மற்ற ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்குள் இரை பொறுக்கப் போனால், வாலைக் கொத்தி வெளியே ஓட்டிக்கொண்டு வரும். பெட்டைக்கு நிம்மதியாக இரை எடுக்க நேரம் இராது. பார்ப்பவர்கள் கொடுமை என்பார்கள். கருவுறும் நாட்களில் வேறு ஆண் நெருங்காமல் காவல் காப்பது அது. முட்டை வந்ததும் நின்றுவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் பால்கனியில் நடப்பதை முன்கூட்டியே படிக்க முடியும். தரையில் இரை பொறுக்கும் கூட்டத்தில் ஒரு ஆண் குனிந்து சுற்றுவது பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் முடியும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். ஆனால் ஏ.சி. பெட்டிக்குப் பின்னாலோ பரண் மூலையிலோ இருந்து, நிற்காமல் இழுத்து இழுத்து ஒரு குனுகல் வந்தால், அதற்கு இன்னொரு குரலும் பதில் கொடுத்தால், அந்த இரண்டாம் குரல்தான் முக்கியம். பெட்டையின் உடம்பு தயாராகிறது. மாடப்புறாவுக்கு அங்கிருந்து சுமார் ஒரு வாரம், பத்து நாளில் முதல் முட்டை; சுமார் 44 மணி நேரம் கழித்து இரண்டாவது. பொரிக்க ஏறக்குறைய 18 நாள். குஞ்சு பறந்து வெளியேற இன்னும் நாலைந்து வாரம்.

பால்கனியில் புறா கூடு கட்டக்கூடாது என்று நினைப்பவர்கள் பலர். எச்சத்தின் தொல்லை உண்மையானது. அதைக் குறை சொல்ல மாட்டேன். வலை கட்டுவதானால் அந்த இழுத்த குனுகல் கேட்கும் முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள். ஜோடி வேறு இடம் தேடிக்கொள்ளும், மறுபடி குனியும், குனுகும், எதுவும் வீணாகாது. முட்டையைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், கட்டும் வேலையை ஐம்பது, ஐம்பத்தைந்து நாள் தள்ளிப்போடுங்கள். உள்ளே குஞ்சை வைத்து வலையை இழுத்தால், தாயும் தகப்பனும் வெளியே நின்று அதே வலையில் இறக்கை சிக்கிச் சாகும்.